நீண்ட அசையில் சீர் தொடங்குவதில்லை

மொழிப் பதிவுகளைக் கேட்டு அழுத்தக் குறியிடப் பழகும் மாணவர்களிடம் ஒரே பிழையை ஆண்டுதோறும் பார்க்கிறேன்: நீளமாகக் கேட்கும் அசையிலிருந்து சீர், அதாவது அசைகள் சேர்ந்து அமையும் அழுத்த அலகு, தொடங்குவதாக எண்ணிக் கோடு போட்டுவிடுகிறார்கள். (இங்கே அசை என்பது ஓர் உயிரொலியைச் சுற்றி அமையும் ஒலிக்கூறு, யாப்பின் அசை அன்று.)

ஆகவே முதல் வகுப்பிலேயே இரண்டு ஒலிக்கோப்புகளைப் போட்டுக் காட்டுவேன். ஒன்றில் ஒரே நீளமுள்ள ஒலிகள் உரக்கவும் மெதுவாகவும் மாறி மாறி வரும். பெரும்பாலோர் உரத்த ஒலியை இணையின் முதலில் வைத்துக் கேட்பார்கள். மற்றதில் உரப்பு மாறாது, நெட்டொலியும் குற்றொலியும் மாறி வரும்; அப்போது நெட்டொலி இணையின் முடிவுக்குப் போய்விடும். தொடக்கத்தில் வரும் ஒலியே செவியை வழிநடத்திவிடும் என்பதால், கோப்பின் முதல் சில நொடிகளை மெல்ல ஒலி கூட்டித் தொடங்குவது கட்டாயம். உளவியலாளர்கள் போல்டன் 1894-இலும் உட்ரோ 1909-இலும் ஆய்ந்த இந்தப் போக்கே ஐயாம்பு–ட்ரோக்கி விதி எனப்படுகிறது; வலிய அசை முடிவில் நிற்கும் இணை ஐயாம்பு, முதலில் நிற்பது ட்ரோக்கி. அந்த விதியை அழுத்த அமைப்புகளின் அடிப்படையாக்கியவர் மொழியியலாளர் புரூஸ் ஹேய்ஸ்.

அமெரிக்கப் பழங்குடியினரின் சாக்டா மொழியில் இது துலக்கமாகத் தெரியும். ‘பிஸ’ என்றால் பார்க்கிறார், ‘பிஸாலி’ என்றால் பார்க்கிறேன். ‘சிபீஸ’ உன்னைப் பார்க்கிறார், ‘சிபீஸலி’ உன்னைப் பார்க்கிறேன். வேர்ச்சொல் ஒன்றே, ஆனால் அதன் இகரம் முன்னொட்டு வந்ததும் நெடிலாகிறது. குற்றசைகளை இடமிருந்து இரண்டிரண்டாகச் சேர்த்தால், ஒவ்வோர் இணையிலும் இரண்டாவது நீள்கிறது; சொல்லின் இறுதி அசை மட்டும் நீளாது.

முதலசையை ஒதுக்கிவிட்டு, நெடிலில் தொடங்கிச் சீர் பிரித்தாலும் இந்த நான்கு சொற்களுக்குக் கணக்குச் சரியாக வரும்; மாணவர் ஏமாறுவது இங்கேதான். முதலசை மெய்யில் முடியும் சொற்களை எடுத்துக்கொண்டால் வேறுபாடு வெளிப்படும்: அந்த அசை தனிச் சீராகிவிட, அடுத்து வரும் குற்றசை இணையில் நீள்வது மூன்றாவது அசையே, இரண்டாவது அன்று. ஒதுக்கிவைக்கும் கணக்கு இதை முன்கூட்டிச் சொல்லாது.

வலிய அசை முதலில் நிற்கும் ட்ரோக்கி மொழிகளில் போக்கு நேர்மாறு. பிஜிய மொழியில் பாட்டியைக் குறிக்கும் ‘ம்பூ’, ‘என்’ என்னும் பொருள்தரும் ‘ங்கு’ சேர்ந்ததும் ‘ம்புங்கு’ எனக் குறுகி, இரண்டு அசைகளும் ஒத்த அளவில் நிற்கின்றன. நம் யாப்பிலும் ‘விழா’ ஒரே நிரையசை, ‘வாழி’யோ நேர் நேர் என இரண்டாகப் பிரியும், குறில்-நெடில் சேரவும் நெடில்-குறில் சேராமலிருக்கவும் காரணம் இதுதானா என்று கேட்கத் தோன்றும், ஆனால் யாப்பின் அலகை அழுத்தத்துக்குச் சான்றாகக் கொள்ள மாட்டேன்.

எல்லாச் செவியும் ஒன்றல்ல. 2008-இல் வெளியான ஐவர்சன், படேல், ஓகுஷி ஆய்வில், உரப்பு மாறும் ஒலிகளை ஆங்கிலத் தாய்மொழியினரும் ஜப்பானியரும் ஒரே மாதிரி கேட்டனர். நீளம் மாறும்போது ஜப்பானியரிடம் ஆங்கிலத் தாய்மொழியினரைப் போன்ற உறுதியான போக்கு காணப்படவில்லை. எனவே சீர்க்கோட்டை என் மாணவர் தம் செவியை நம்பிப் போடும்போது, எந்த அசை சொல்லுக்குள் எங்கே நீள்கிறது, எப்போது நீளாமல் போகிறது என்பதற்கான சொற்பட்டியலையும் உடன் கேட்கிறேன்.