குழித்தட்டிலிருந்து பாத்திக்கு: தக்காளி நாற்றின் முதல் ஐந்து நாள்

சேலத்தில் சித்திரை வெயிலில் நட்ட தக்காளி நாற்றை மறுநாள் உச்சிப்பொழுதில் போய்ப் பாருங்கள். தலை தொங்கி, இலையெல்லாம் துவண்டு நிற்கும். பாத்தியில் விரலை வைத்தால் மண் சில்லென்று ஈரமாக இருக்கும். "மண்ணு ஈரமாத்தானே இருக்கு, அப்புறம் ஏங்க சாயுது?" என்று கேட்காத தோட்டக்காரர் குறைவு. இன்னொரு குடம் தண்ணீரைப் பாத்தி முழுக்க ஊற்றிவிட்டுப் போவதுதான் வழக்கம். ஆனால் கோளாறு பாத்தியில் இல்லை, நாற்றோடு வந்த வேர்க்கட்டியில் இருக்கிறது.

நர்சரிகளில் பெரும்பாலும் கிடைப்பது 98 குழிகள் கொண்ட தட்டு. ஒரு குழியில் பிடிப்பது ஏறக்குறைய 20 முதல் 25 மில்லி தேங்காய்நார்த் துகள்தான். 25 நாள் வளர்ந்த தக்காளி நாற்றின் வேர் முழுவதும் அதற்குள் சுருண்டு கிடக்கிறது. பாத்தி பத்தடி நீளம் இருந்தாலும், நட்ட அன்று செடி தண்ணீர் எடுக்கக்கூடிய இடம் அந்த ஒரு பிடிக்கும் குறைவான கட்டி மட்டுமே. வெளியே இருக்கும் ஈரம் அடுத்த வீட்டுக் கிணறு மாதிரி. எட்டிப் பார்க்கலாம், இறைக்க முடியாது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நார்த்துகளின் இடைவெளிகள் பெரியவை, அதனால் தண்ணீரைச் சீக்கிரம் விட்டுக்கொடுத்துவிடும். களி கலந்த செம்மண்ணின் துளைகள் மிக நுண்ணியவை, அவை தண்ணீரை இறுகப் பிடித்துக்கொள்ளும். இரண்டும் ஒட்டி நிற்கும்போது, விளக்குத்திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல, மண் கட்டியிலிருந்து ஈரத்தை உறிஞ்சுகிறது. செடியும் அதே கட்டியிலிருந்துதான் குடிக்கிறது. சுற்றிலும் ஈரமாக இருக்க, நடுவில் கட்டி மட்டும் காய்ந்து போவது இப்படித்தான். கட்டியின் மேல்முகம் மண்ணுக்கு வெளியே தெரியும்படி நட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம், காற்றும் அங்கிருந்து ஈரத்தை எடுத்துக்கொள்ளும்.

புது வேர் கட்டியைத் தாண்டி மண்ணுக்குள் நுழைய நான்கைந்து நாள் ஆகும். மாலையில் நடுவதும், நிழல் கட்டுவதும், கட்டிக்கு மட்டும் அளந்து தண்ணீர் விடுவதும் அந்த நான்கைந்து நாளை ஓட்டுவதற்காகத்தான்.

மாலை ஏன் என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். 37 டிகிரி வெப்பத்தில் ஒரு கனமீட்டர் காற்று சுமார் 44 கிராம் நீராவியைத் தாங்கும். பிற்பகலில் ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் அதில் இருப்பது 13 கிராம்தான். இன்னும் 31 கிராமுக்கு இடம் இருக்கிறது, அதை இலையிலிருந்து எடுக்கப் பார்க்கும். இரவில் காற்று 25 டிகிரிக்கு இறங்கி ஈரப்பதம் 75 சதவீதமாகும்போது, மொத்தம் தாங்குவதே 23 கிராம், இருப்பது 17. மிச்ச இடம் 6 கிராம். காற்றின் தாகம் ஐந்தில் ஒரு பங்காகிவிடுகிறது. இருட்டில் இலைத்துளைகளும் பெருமளவு மூடிவிடும். மாலை ஐந்தரைக்கு நட்ட நாற்றுக்கு மறுநாள் வெயில் ஏறும்வரை பதினான்கு, பதினைந்து மணி நேர ஓய்வு கிடைக்கிறது. காலை ஏழு மணிக்கு நட்டால் இரண்டு மணி நேரம்கூடக் கிடைக்காது.

இனி ஒரு பாத்தியையே எடுத்துக்கொள்வோம். நீளம் 3 மீட்டர், அகலம் 1.2 மீட்டர், அரையடி உயர மேட்டுப்பாத்தி. தக்காளிக்கு வரிசைக்கு வரிசை 60 செ.மீ., செடிக்குச் செடி 45 செ.மீ. பாத்தியின் இரு ஓரத்திலும் 30 செ.மீ. விட்டால் இரண்டு வரிசை வரும். முதல் வரிசையில் இரு முனையிலும் 15 செ.மீ. விட்டு ஆரம்பித்தால் 7 செடி. இரண்டாவது வரிசையை அரை இடைவெளி, அதாவது 22 செ.மீ. தள்ளி ஆரம்பித்தால் 6 செடி. மொத்தம் 13. எதிரெதிரே இல்லாமல் இப்படி மாற்றி நட்டால், எதிர் வரிசைச் செடி 64 செ.மீ. தள்ளிப் போகிறது, இலைக்கு நடுவே காற்று ஓடும்.

கையில் 98 நாற்று இருக்கும்போது 13 செடி கஞ்சத்தனமாகத் தோன்றும். ஒரு சாண் இடைவெளியில் நட்டாலும் முதல் மாதம் எந்த வித்தியாசமும் தெரியாது என்பதுதான் இதில் ஏமாற்றும் விஷயம். இரண்டாம் மாதம் இலைகள் ஒன்றோடொன்று கூடிவிடும். காலைப் பனி காய நேரமாகும், அடி இலையில் வட்ட வட்டமாகக் கருகல் புள்ளி வரும், கீழே இருந்து மேலே ஏறும். அப்போது செடியைப் பிடுங்க யாருக்கும் மனம் வராது. கயிறு கட்டி, 45 செ.மீ.க்கு ஒரு குச்சியை முன்கூட்டியே குத்தி வைத்துவிடுவது நல்லது. கண்ணளவை நம்பினால் வரிசை போகப்போக நெருங்கித்தான் வரும்.

நடும் அன்று பிற்பகல் மூன்று மணிக்கு, விளிம்புள்ள தாம்பாளத்திலோ சிமெண்ட் தொட்டியிலோ ஓரங்குலத் தண்ணீர் விட்டு, தட்டை அதில் பத்து நிமிடம் வையுங்கள். நார்த்துகள் ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் மேலே ஊற்றும் தண்ணீர் ஓரமாக வழிந்து ஓடிவிடும், அடியிலிருந்து ஏறினால்தான் முழுதாக நனையும். ஐந்து மணிக்கு நடத் தொடங்கலாம். குழியின் அடியில் உள்ள ஓட்டையில் விரலாலோ குச்சியாலோ தள்ளினால் கட்டி முழுசாக மேலே வரும். தண்டைப் பிடித்து இழுக்கவே கூடாது. இலை ஒன்று கிழிந்தால் செடி இன்னொன்று விடும், தண்டு நசுங்கினால் மாற்று இல்லை. கட்டி உதிராமல், சுற்றிலும் வெள்ளை வேர் வலை பின்னியதுபோல் வந்தால் சரியான பருவம். வேர் பழுப்பேறி அடியில் வட்டமாகச் சுற்றியிருந்தால் நாற்று முதிர்ந்துவிட்டது, நட்டாலும் தயங்கித் தயங்கித்தான் வளரும்.

குச்சி குத்திய இடத்தில் கட்டியைவிடச் சற்றே ஆழமாகக் குழி எடுத்து, ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, அது இறங்கும்வரை காத்திருங்கள். பிறகு கட்டியை இறக்கி, மேலே ஒரு செ.மீ. மண் மூடும்படி செய்யுங்கள். இரண்டு விரலால் பக்கவாட்டு மண்ணைக் கட்டியை நோக்கி அழுத்த வேண்டும், கட்டியை மேலிருந்து அமுக்கக் கூடாது. மேலிருந்து அமுக்கினால் வேர் முறியும். பக்கத்தில் அழுத்தாமல் விட்டால் கட்டிக்கும் மண்ணுக்கும் நடுவே காற்றுவெளி நிற்கும், அதைத் தாண்டி ஈரமும் வராது, வேரும் போகாது. தக்காளி நாற்று நெட்டையாகப் போயிருந்தால் தண்டைக் கொஞ்சம் கூடுதலாகப் புதைக்கலாம், புதைந்த தண்டிலிருந்தே வேர் விடும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் அந்தச் சலுகை இல்லை. அவற்றைத் தட்டில் இருந்த மட்டத்துக்கே நடுவது பாதுகாப்பு.

நட்டு முடித்ததும் செடிக்கு ஒரு டம்ளர் தண்ணீர், தண்டோரமாக, கட்டியின் மேலேயே. முதல் ஐந்து நாளும் காலையில் ஒரு டம்ளர், மாலையில் ஒரு டம்ளர் இதேபோல். டம்ளருக்கு 150 மில்லி என்றால் 13 செடிக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர்தான் செலவு. மூன்றாம் நாள் மட்டும் பாத்தி முழுக்க உயிர்த்தண்ணீர் கட்டுங்கள். வேர் வெளியே வரும் நேரத்தில் சுற்றுமண் இளகி இருக்க வேண்டும்.

நிழலுக்கு 50 சதவீத நிழல்வலை போதும். இதற்கு மேல் அடர்ந்தது வேண்டாம். நான்கு மூலையிலும் மூங்கில் குச்சி நட்டு, செடிக்கு இரண்டடி மேலே வலையைக் கட்டுங்கள். பக்கங்களைத் திறந்து விட்டு, மேற்கில் மட்டும் கொஞ்சம் தொங்க விடலாம். எல்லாப் பக்கமும் மூடினால் உள்ளே சூடு தேங்கி, நிழலில் இருந்தும் செடி வாடும். வலை இல்லாதவர்கள் தென்னங்கீற்றையோ வேப்பங்கொப்பையோ சாய்த்து வைப்பார்கள். அதை எந்தப் பக்கம் சாய்ப்பது என்பது மாதத்தைப் பொறுத்தது. சேலம் இருப்பது ஏறக்குறைய 11.7 பாகை வடக்கில். சித்திரை முதல் வாரத்திலும் ஆவணி முதல் வாரத்திலும் உச்சிவெயில் நேர் தலைக்கு மேல் நிற்கும், பக்கவாட்டில் சாய்த்த கீற்று அப்போது எதையும் மறைக்காது, பந்தல்போல மேலேயே போட வேண்டும். தைப் பட்டத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால், தென்மேற்கில் சாய்த்த கீற்று நன்றாக உதவும்.

முதல் மூன்று நாள் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை நிழல். நான்காம், ஐந்தாம் நாள் பதினொன்றிலிருந்து மூன்று வரை மட்டும். ஐந்தாம் நாள் மாலை வலையைக் கழற்றிவிடுங்கள். பாவம் என்று பத்து நாள் விட்டு வைத்தால் தண்டு நீண்டு மெலியும், இலை மெல்லிசாகும். பிறகு ஒருநாள் திறக்கும்போது இலையில் காகிதம்போல வெள்ளைத் திட்டு விழும்.

வேர் பிடித்ததா என்று அறிய விடியற்காலையில் பாத்திக்குப் போக வேண்டும். ஆறு மணி வாக்கில் இலையைச் சாய்த்துப் பார்த்தால், ஓரத்துப் பல் நுனிகளில் மட்டும் கடுகளவு தண்ணீர்த் துளிகள் வரிசையாக நிற்கும். பனித்துளி என்றால் இலை முழுக்கப் படிந்திருக்கும். ஓரத்தில் மட்டும் நிற்பது வேர் இரவெல்லாம் மேலே தள்ளிய தண்ணீர். வறண்ட காற்று வீசும் இரவில் இது தெரியாமல் போகலாம், அப்போது குருத்திலையைப் பாருங்கள், வெளிர்ப்பச்சையாக விரிந்து வந்தால் சரி.

உச்சிவெயிலில் துவண்டு மாலையில் நிமிர்ந்தால் பயப்பட ஒன்றுமில்லை. காலை ஏழு மணிக்கே துவண்டிருந்தால் கட்டியை விரலால் கிளறுங்கள். கட்டி காய்ந்து மண் ஈரமாக இருந்தால் டம்ளர் தண்ணீர் கட்டியில் விழவில்லை. கட்டி சொதசொதவென்று இருந்து, தண்டின் கழுத்து பழுப்பேறிச் சுருங்கியிருந்தால் அழுகல், தண்ணீரை நிறுத்த வேண்டும். செடி தரைமட்டத்தில் கத்தரித்ததுபோல விழுந்து கிடந்தால் வெட்டுப்புழு. பகலில் அது செடியோரம் ஓரிரு அங்குல ஆழத்தில் சுருண்டு கிடக்கும், தோண்டி எடுக்காவிட்டால் அடுத்த இரவு பக்கத்துச் செடி போகும்.

ஏற்காட்டில் இந்தக் கணக்கு மாறும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் வெயிலும் தணிவு, மூடுபனியும் உண்டு. அங்கே கட்டி காய்வதைவிட அழுகுவதுதான் பெரிய கவலை. மேகமூட்டமான நாளில் பிற்பகல் மூன்று மணிக்கே நடலாம், நிழல் இரண்டு நாள் போதும், மாலைத் தண்ணீரை விட்டுவிட்டுக் காலையில் மட்டும் ஊற்றலாம். செடிக்குச் செடி இடைவெளியை மட்டும் 60 செ.மீ. ஆக்கிக்கொள்வது நல்லது, பனியில் நனைந்த இலை அங்கே காய அதிக நேரம் எடுக்கும்.

மலையிலும் சரி, கீழேயும் சரி, நாலைந்து நாற்றைத் தட்டிலேயே தண்ணீர் காட்டி வைத்திருங்கள். செத்துப்போன இடத்தில் பாடுவாசி நிரப்ப ஒரு வாரம்தான் அவகாசம். அதற்குப் பிறகு நட்டால் பக்கத்துச் செடிகள் முந்திக்கொண்டு நிழலடிக்கும், தட்டில் நிற்கும் நாற்றின் வேரும் அதற்குள் சுற்றிக்கொண்டிருக்கும்.