‘வித்தாச்சு’ எப்படி ‘வித்தா’ ஆனது: கேசட் இரைச்சலை நீக்கும்போது குரலும் போகிறது

பாலக்காட்டுச் சித்தூரில் பழைய கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றிக் கொடுப்பது என் வேலை. போன மாதம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு அக்கா வந்தார். கையில் ஒரு பென்டிரைவ். அதில் அவருடைய அம்மா 1988-இல் பேசிப் பதிவு செய்த கேசட்டின் ஒலி இருந்தது. அப்பா அப்போது ஷார்ஜாவில். வீட்டில் போன் கிடையாது. அதனால் கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி, வளைகுடாவுக்குப் போகிற யார் கையிலாவது கொடுத்து அனுப்புவார்கள். எங்கள் எல்லைப் பக்கத்தில் அந்த மாதிரி கேசட் இல்லாத பழைய வீடு குறைவு.

“அண்ணா, வேற ஒரு எடத்துல குடுத்து சுத்தம் பண்ணுனோம். இரைச்சல் சுத்தமா போயிருச்சுங்க. ஆனா அம்மா கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்குது” என்றார்.

ஹெட்ஃபோனில் கேட்டேன். ஸ்ஸ்ஸ் என்ற டேப் இரைச்சல் துளிகூட இல்லை. அதற்குப் பதிலாக ஒவ்வொரு சொல்லைச் சுற்றியும் குளுகுளுவென்று நீர்க்குமிழி உடைவதுபோல் ஒரு சத்தம். ஓரிடத்தில் அந்த அம்மா, “மாட்டை வித்தா” என்று நிறுத்தி, அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார். விற்றால் என்ன என்று சொல்லவே இல்லை. நல்லவேளையாக மூலக் கேசட் வீட்டிலேயே இருந்தது. அதை ஓட்டிக் கேட்டபோது, இரைச்சலுக்கு நடுவே தெளிவாகவே இருந்தது: “மாட்டை வித்தாச்சு.” மாடு போய்விட்டது என்று கணவருக்குச் சொல்லும் செய்தி, மென்பொருளின் கையில் முடியாத வாக்கியமாக மாறியிருந்தது.

இது ஏன் நடக்கிறது என்று தெரிந்தால், வீட்டிலேயே இந்த வேலையைச் செய்கிறவர்களும் தவிர்த்துவிடலாம்.

கேசட் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில்தான் ஓடுகிறது. நாடாவின் மொத்த அகலமே 4 மில்லிமீட்டருக்குக் குறைவு. அதிலும் ஒரு பக்கத்துக்குப் பாதிதான். இவ்வளவு குறுகலான தடத்தில், இவ்வளவு மெதுவாக ஓடும்போது, காந்தத் துகள்கள் ஒழுங்கில்லாமல் கிடப்பதே சத்தமாகக் கேட்கிறது. அதுதான் டேப் ஹிஸ். அது எல்லாச் சுருதிகளிலும் பரவியிருந்தாலும், நம் காது கூர்மையாக இருக்கிற மேல் சுருதிகளில்தான் உறுத்துகிறது. சிக்கல் என்னவென்றால், ‘ச’, ‘ஸ’, ‘ஷ’ ஆகிய ஒலிகளும் மூச்சுக்காற்றும் இருக்கிற இடமும் அதேதான். தமிழ்ப் பேச்சில் ஆச்சு, போச்சு, வந்துச்சு என்று சொல் முடியும்போது கடைசி ‘ச்சு’ அநேகமாக வெறும் காற்றாகத்தான் வருகிறது. அதன் பலம் இரைச்சலுக்குக் கொஞ்சம் மேலே, சில சமயம் சமமாக இருக்கும். மென்பொருளுக்கு ‘ச்சு’வும் ஒன்றுதான், இரைச்சலும் ஒன்றுதான்.

இனி அந்தக் குமிழிச் சத்தம். Audacity போன்ற மென்பொருளில், பேச்சு இல்லாத ஓர் இடைவெளியைத் தேர்ந்தெடுத்து `Get Noise Profile` அழுத்துகிறோம். மென்பொருள் ஒலியை 46 மில்லிநொடி அளவுள்ள துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஆயிரத்துச் சொச்சம் மெல்லிய சுருதிப் பட்டைகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு பட்டையிலும் இரைச்சல் சராசரியாக எவ்வளவு என்று குறித்துக்கொள்கிறது. பிறகு முழு ஒலியையும் அதே போல் பிரித்து, குறித்த அளவை மீறாத பட்டைகளை எல்லாம் அடக்குகிறது. மீறியவற்றை விட்டுவிடுகிறது.

ஆனால் இரைச்சல் சராசரியிலேயே நிற்பதில்லை. ஒவ்வொரு பட்டையிலும் அது நொடிக்கு நொடி ஏறி இறங்குகிறது. ஆயிரம் பட்டைகளில் எப்போதும் எங்கோ ஒன்றிரண்டு அளவை மீறிவிடும். முன்பு அந்த ஏற்ற இறக்கமெல்லாம் கலந்து சீரான ‘ஸ்ஸ்ஸ்’ ஆகக் கேட்டது. இப்போது மற்ற எல்லாவற்றையும் அடக்கிவிட்டதால், தப்பித்த துண்டு ஒவ்வொன்றும் தனி ஸ்வரமாக, கண்சிமிட்டும் நேரம் ஒலித்து மறைகிறது. எந்தச் சுருதியில், எப்போது என்று ஒழுங்கு இல்லை. அந்தச் சிதறல்தான் காதில் தண்ணீராகக் கேட்கிறது. துறையில் இதற்கு மியூசிக்கல் நாய்ஸ் என்று பெயர். ஸ்டீவன் போல் என்ற ஆய்வாளர் இந்தக் கழித்தல் முறையைப் பற்றி 1979-இல் எழுதினார். அதே ஆண்டிலேயே வேறு ஆய்வாளர்கள் இந்தக் குமிழிக்கு ஒரு மருந்தும் சொன்னார்கள்: இரைச்சலை முழுக்கத் துடைக்காதே, அடியில் கொஞ்சம் மிச்சம் வை. அந்த மெல்லிய மிச்சம் குமிழிகளை மூடிவிடும். இன்றைக்கும் நான் முதலில் பிடித்துக்கொள்வது இதைத்தான்.

அந்த அக்காவின் கேசட்டில் நான் செய்ததை அப்படியே சொல்கிறேன்.

முதலில் மென்பொருளைத் திறக்கவே இல்லை. கேசட் டெக்கில் நாடாவைத் தொட்டு ஒலியைப் படிக்கும் ஹெட்டைச் சுத்தம் செய்து, ஹெட்டின் சாய்வை அதன் பக்கத்துத் திருகால், அந்தக் கேசட்டில் பேச்சு மிகக் கூர்மையாகக் கேட்கும் இடத்துக்குத் திருப்பினேன். சாய்வு பொருந்தாவிட்டால் குரலின் மேல் சுருதிகள் தேய்ந்துவிடும், இரைச்சல் மட்டும் அப்படியே இருக்கும். ‘ச்சு’வை அங்கேயே இழந்துவிட்டால் பிறகு யாராலும் மீட்க முடியாது. அந்த அம்மா பேசியது ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த மோனோ டூ-இன்-ஒன்னில். நான் ஓட்டியது ஸ்டீரியோ டெக்கில். சாய்வு சரியானதும் இரண்டு சேனலையும் ஒன்றாகச் சேர்த்தேன். குரல் இரண்டிலும் ஒன்று, இரைச்சல் இரண்டிலும் வேறு. அதனால் சேர்க்கும்போதே இரைச்சல் குரலைவிட 3 டெசிபல் பின்னால் போய்விட்டது, ஒரு குமிழியும் இல்லாமல். 24 பிட் வேவ் கோப்பாகப் பதிவு செய்தேன்.

அடுத்தது இரைச்சல் மாதிரி எடுப்பது. முன்பு செய்தவர் தவறியது இங்கேதான் என்று நினைக்கிறேன். கேசட்டின் நடுவில் எட்டு நொடி அந்த அம்மா பேசாமல் இருக்கிறார், குழந்தை அழுகிறதா என்று பார்க்கப் போனாரோ என்னவோ. யாராக இருந்தாலும் மாதிரி எடுக்க அந்த இடத்தைத்தான் தொடுவார்கள். ஆனால் டூ-இன்-ஒன் ரெக்கார்டர்களில் ஒலி அளவைத் தானே சரிசெய்யும் சுற்று ஒன்று உண்டு. பேச்சு நின்றதும் அது மெல்ல மெல்ல மைக்கை ஏற்றும். அறைச் சத்தமும் மைக்கின் சொந்த இரைச்சலும் அதோடு சேர்ந்து பெருகும். மறுபடி பேசத் தொடங்கியதும் சட்டென்று இறக்கிவிடும். ஆக, நீண்ட மௌனத்தின் கடைசியில் இருக்கிற இரைச்சல், பேச்சுக்கு அடியில் இருக்கிற இரைச்சலைவிடப் பெரியது. அதை மாதிரியாகக் கொடுத்தால், மென்பொருள் பேச்சில் இருந்தும் அவ்வளவையும் கழிக்கப் பார்க்கும்.

இன்னொன்று, அது ஆடி மாதப் பதிவு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தென்னையில் மோதும் ஓசை அந்த மௌனத்தில் நன்றாகவே கேட்கிறது. டேப் இரைச்சல் சீரானது, காற்று சீரானதல்ல. சராசரி எடுத்துக் கழிக்கும் முறைக்குக் காற்றைப் பிடிக்கத் தெரியாது. மாதிரியில் அது கலந்துவிட்டால் கீழ்ச் சுருதிகளிலும் குரல் அரிபடும்.

அதனால் வாக்கியம் முடிந்த உடனே, சுற்று மைக்கை ஏற்றுவதற்கு முன் கிடைக்கிற அரை நொடி இடைவெளிகளைத் தேடினேன். காற்று ஓய்ந்திருந்த ஐந்தாறு இடங்களை வெட்டி, ஒரு தனி டிராக்கில் ஒட்டி, அதிலிருந்து மாதிரி எடுத்தேன். முந்தைய சொல்லின் எதிரொலி அதில் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது. கேசட்டின் மறுபக்கத்துக்குத் தனி மாதிரி. மாதிரி எடுத்த பிறகு ஒலி அளவை மாற்றக் கூடாது, மாற்றினால் மாதிரி பொருந்தாது.

பிறகு அளவுகள். 24 டெசிபல் குறைப்பு என்றால் இரைச்சலைப் பதினாறில் ஒரு பங்காகக் குறைப்பது. முதலில் செய்தவர் ஏறக்குறைய அந்த அளவுக்குப் போயிருப்பார் என்று கேட்ட மாத்திரத்தில் தோன்றியது. நான் இந்தக் கேசட்டுக்கு வைத்தது இவ்வளவுதான்:

```
Noise reduction (dB): 8
Sensitivity: 4
Frequency smoothing (bands): 6
```

முதல் எண் எவ்வளவு அடக்க வேண்டும் என்பது. 8 டெசிபல் இரைச்சலைப் பாதிக்கும் கீழே கொண்டுவரும், ஆனால் ஒழிக்காது. இரண்டாவது, எதையெல்லாம் இரைச்சல் என்று கருத வேண்டும் என்பது. இதை ஏற்றினால் குமிழி குறையும், ‘ச்சு’வும் சேர்ந்து போகும். மூன்றாவது, பக்கத்துப் பட்டைகளோடு சேர்த்து முடிவெடுக்கச் சொல்வது. தனியாகத் துள்ளும் ஒரு பட்டையை அது அமுக்கும். அதிகமானால் குரல் மழுங்கும். இந்த எண்கள் இந்தக் கேசட்டுக்கு மட்டும் பொருந்தியவை.

சரியா தப்பா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. அதே சாளரத்தில் `Residue` என்று ஒன்று உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தால், எடுத்தெறியப் போகிற ஒலி மட்டும் கேட்கும். வெறும் ‘ஸ்ஸ்ஸ்’ கேட்டால் நிம்மதி. அதில் சொல் புரிந்தால், குரலை வெட்டுகிறோம் என்று அர்த்தம். இந்தக் கேசட்டில் 12 டெசிபலும் Sensitivity 6-ம் வைத்தபோது, குப்பையில் போகிற ஒலிக்குள் ‘ச்சு… ச்சு…’ என்று அந்த அம்மாவின் சொல்முடிவுகள் வரிசையாகக் கேட்டன. அங்கிருந்து இறங்கி இறங்கி வந்துதான் மேலே சொன்ன எண்களில் நின்றேன்.

காது சந்தேகப்பட்டால், ஒலியின் சுருதிகளைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் பாருங்கள். சொற்களுக்கு இடையில் மெல்லிய சீரான சாம்பல் பூச்சு இருந்தால் நல்லது. இருட்டில் பொரி தூவியதுபோல் தனித்தனிப் புள்ளிகள் தெரிந்தால் அது குமிழி. அதை எம்பி3 ஆக்கினாலோ வாட்ஸ்அப்பில் வாய்ஸாக அனுப்பினாலோ இன்னும் மோசமாகும். கேசட்டை மொபைலில் பதிவு செய்து எனக்கு அனுப்புகிறவர்களிடம் வேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான். பல மொபைல்கள் தாமே ஒரு முறை இரைச்சலை நீக்கிவிட்டுத்தான் பதிவு செய்கின்றன. அதற்கு மேல் நான் செய்ய ஒன்றும் மிச்சம் இருக்காது. குமிழியாகிவிட்ட ஒலியிலிருந்து பழைய ‘ச்சு’வை வரவழைக்க எனக்கு வழி தெரியாது. மூலக் கேசட்டுக்குத்தான் திரும்பிப் போக வேண்டும்.

அந்த அக்கா மறுபடி வந்தபோது புதிய கோப்பைப் போட்டுக் காட்டினேன். “இரைச்சல் கொஞ்சம் இருக்குதுங்களே அண்ணா” என்றார். “ஒரு நிமிஷம் கேளுங்க அக்கா” என்றேன். “மாட்டை வித்தாச்சு” வந்ததும் தலையை நிமிர்த்தினார். அடுத்ததாக அந்த அம்மா ஒரு பெருமூச்சு விடுகிறார். பழைய கோப்பில் அந்த மூச்சே இல்லை. அதை இரண்டு முறை திருப்பிப் போடச் சொன்னார்.

சுத்தம் செய்யாத வேவ் கோப்பை ஒரு ஃபோல்டரிலும், 8 டெசிபல் குறைத்ததை இன்னொரு ஃபோல்டரிலும் வைத்துக் கொடுத்தேன். கேசட்டையும் உறையில் போட்டுக் கையில் கொடுத்தேன்.