பி.காம் முடித்தவருக்கு முதல் வேலை: தொண்ணூறு நாளை எப்படிப் பிரிப்பது?

கோவையில் நிறுவனங்களின் கணக்குப் பிரிவுக்கு ஆள் எடுத்துக் கொடுப்பது என் வேலை. தேர்வு முடிவு வந்த கையோடு பி.காம் முடித்தவர்களின் ரெஸ்யூம் வந்து குவியும். பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்றே தெரியாது. எல்லோருக்கும் டாலி தெரியும், ஜிஎஸ்டி தெரியும், எல்லோரும் கடின உழைப்பாளிகள். இதில் யாரைக் கூப்பிடுவது?

அதனால் முதல் முப்பது நாள் விண்ணப்பமே போட வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் என்று ஒரே வேலையை முடிவு செய்துகொண்டு, தெரிந்த கடை ஒன்றின் ஒரு மாதக் கணக்கை முழுதாக எழுதிப் பாருங்கள். பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண் ஒருவர் சித்தப்பாவின் எலெக்ட்ரிக்கல் கடையில் இதைச் செய்தார். கொள்முதல் பில், விற்பனை பில், பேங்க் ஸ்டேட்மென்ட் மூன்றையும் வாங்கி டாலி பிரைமில் ஏற்றினார். லைசென்ஸ் வாங்காமல் பழகும் கல்விப் பயன்முறையில் மாதத்தின் முதல் இரண்டு தேதியும் 31-ஆம் தேதியும் மட்டும்தான் எடுக்கும், பலர் இந்த இடத்திலேயே விட்டுவிடுவார்கள். அவர் எல்லாவற்றையும் அந்தத் தேதிகளில் போட்டு, உண்மையான தேதியை நரேஷனில் எழுதிக்கொண்டார். பழகுவதற்கு இது போதும்.

அப்புறம் சப்ளையர்கள் கடைக்கு விற்றதாகக் காட்டிய பில்களின் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பி எக்ஸெல் கோப்பை கடையின் ஆடிட்டரிடமிருந்து வாங்கி, கொள்முதல் பில்களோடு ஒப்பிட்டார். 18,000 ரூபாய் பில் ஒன்று, அதற்கு 18 சதவீத வரி 3,240 ரூபாய். அந்த பில் 2பி-யில் இல்லவே இல்லை. சப்ளையரிடம் கேட்டால், கடையின் ஜிஎஸ்டி எண்ணைப் போடாமல் சாதாரண வாடிக்கையாளர் விற்பனையாகக் காட்டியிருக்கிறார்கள். அவர்கள் அதைத் திருத்தி, அந்த பில் 2பி-யில் வரும்வரை கடைக்கு அந்த 3,240 ரூபாயை வரியில் கழிக்க முடியாது. பின்னால் நேர்முகத் தேர்வில் "ஜிஎஸ்டி தெரியுமா" என்று கேட்டபோது அவர் சொன்னது இந்த ஒரு பில்லின் கதைதான். ரெஸ்யூமிலும் "கடின உழைப்பாளி" இருந்த இடத்தில், ஒரு மாதக் கணக்கு எழுதியது, வங்கிக் கணக்கைச் சரிபார்த்தது, 2பி ஒப்பிட்டது என மூன்று வரிகள் வந்தன. கடைக்காரரிடம் அனுமதி கேட்டுவிட்டு, வெளியே காட்டும் பிரதியில் கடை பெயரையும் எண்களையும் கண்டிப்பாக மறைத்துவிடுங்கள்.

இரண்டாவது மாதம்தான் விண்ணப்பம். நௌக்ரியில் போடுங்கள், தமிழக அரசின் tnprivatejobs.tn.gov.in தளத்திலும் பதிவு செய்யுங்கள், ஆனால் ஆடிட்டர் அலுவலகங்களுக்கும் சிறிய தொழிற்சாலைகளுக்கும் நேரில் போவதை விடாதீர்கள். இந்த இடங்களில் ஆள் தேவை பல நேரம் விளம்பரமாக வருவதே இல்லை. போகும் தேதியும் முக்கியம். மாதந்தோறும் ரிட்டர்ன் போடுகிறவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1-க்கு 11-ஆம் தேதியும் 3பி-க்கு 20-ஆம் தேதியும் கடைசி நாள். அந்தப் பத்து நாளில் போனால் உங்கள் முகத்தை நிமிர்ந்து பார்க்கக்கூட அவர்களுக்கு நேரம் இருக்காது. 21-க்கு மேல் போங்கள். எங்கே, யாரிடம், எந்தத் தேதியில் கொடுத்தோம் என்று ஒரு எக்ஸெல்லில் குறித்து, ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு முறை போன் செய்யுங்கள்.

அறுபதாவது நாள் அந்த எக்ஸெல்லைத் திறந்து பார்த்தால் கோளாறு எங்கே என்று தெரியும். நாற்பது இடத்தில் கொடுத்தும் ஒரு அழைப்புகூட இல்லை என்றால் ரெஸ்யூமையோ கேட்கும் பதவியையோ மாற்ற வேண்டும். அழைப்பு வருகிறது, முதல் சுற்றிலேயே முடிந்துவிடுகிறது என்றால் அடிப்படை ஆட்டம் காண்கிறது. தேய்மானத்துக்கும் முன்பணத்துக்கும் ஜர்னல் என்ட்ரி கேட்டால் தடுமாறுகிறவர்கள்தான் அதிகம். கடைசிச் சுற்று வரை போய்க் கைநழுவினால், திட்டத்தை மாற்றாமல் இன்னும் நாலு இடம் ஏறி இறங்குங்கள்.

மூன்றாவது மாதம் அந்த ஒரு கோளாறைச் சரிசெய்வதற்கு. கூடவே மத்திய அரசின் தேசியத் தொழில்பழகுநர் பயிற்சித் திட்டமான நாட்ஸ் தளத்தில் பதிவு செய்யுங்கள். பி.காம் படித்தவர்களும் சேரலாம், மாத உதவித்தொகையும் உண்டு. ஆனால் பயிற்சி முடிந்ததும் நிறுவனம் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் கிடையாது, அதைத் தெரிந்துகொண்டே சேருங்கள். ஆடிட்டர் அலுவலகத்தில் சம்பளம் குறைவாக இருந்தாலும் பல கடைகளின், பல கம்பெனிகளின் கணக்கு ஒரே வருடத்தில் கைக்கு வரும் என்பதால், வேறு இடத்திலும் அங்கேயும் வேலை கிடைத்தால் நான் ஆடிட்டர் அலுவலகத்தைத்தான் எடுக்கச் சொல்வேன்.

இந்த நேரத்தில்தான் மனம் தளர்ந்து, "ரெஜிஸ்ட்ரேஷனுக்கு இரண்டாயிரம் கட்டுங்கள், வேலை உறுதி" என்று வரும் வாட்ஸ்அப் செய்தியை நம்பத் தோன்றும். வேலை கொடுக்கிறவர் உங்களிடம் பணம் கேட்டால் அந்த எண்ணை பிளாக் செய்துவிடுங்கள். அசல் மார்க்‌ஷீட்டை வாங்கி வைத்துக்கொள்வோம் என்கிற இடத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.