வேக் விண்டோ – விழிப்புப் பொழுது

கைக்குழந்தை ஒரு தூக்கத்திலிருந்து கண் விழித்தது முதல் அடுத்த தூக்கத்தில் கண் மூடும் வரையுள்ள நேரத்தைத்தான் ‘வேக் விண்டோ’ என்கிறார்கள். பால் குடிப்பது, துணி மாற்றுவது, தூங்கவைக்க ஆட்டிக்கொண்டிருப்பது எல்லாம் இதில் சேரும். பால் குடித்து முடித்த பிறகிலிருந்து கணக்கு வைப்பவர்கள் உண்டு. அப்படி எண்ணினால் அரை மணி நேரம்கூட தவறிப்போகும்.

இது மருத்துவப் பாடநூலில் பிறந்த சொல் அல்ல. குழந்தைத் தூக்க ஆலோசகர்கள் மூலமாகவும் பெற்றோருக்கான செயலிகள் மூலமாகவும் பரவியது. ஆனால் அடியில் இருக்கும் கருத்து அறிவியல்தான். விழித்திருக்க விழித்திருக்கத் தூக்கத்துக்கான உந்துதல் உடலில் ஏறிக்கொண்டே போகிறது, தூங்கினால் இறங்குகிறது. பகல் இரவை உணரும் உடல் கடிகாரம் தனியாக ஓடுகிறது. இவ்விரண்டும் சேர்ந்தே தூக்கத்தைத் தீர்மானிக்கின்றன என்று 1982இல் தூக்க ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பெலி விளக்கினார். சின்னக் குழந்தைக்கு அந்த உந்துதல் வேகமாக ஏறிவிடுகிறது, உடல் கடிகாரமோ இன்னும் முழுதாக அமையவில்லை. அதனால்தான் குட்டிக் குட்டித் தூக்கங்கள்.

‘விண்டோ’வைச் சாளரம் என்று பெயர்த்தால் பொருள் கிடைக்காது. ராக்கெட் ஏவ உகந்த நேரத்தைச் சொல்வதுபோல, இரண்டு பக்கமும் எல்லையுள்ள ஒரு நேரப் பகுதி என்பதே இங்கே அதன் பொருள். ‘விழிப்பு நேரம்’ என்றால் நாள் முழுக்க விழித்திருந்த மொத்த நேரத்தோடு குழம்பும். ‘விழிப்பு இடைவெளி’ என்றால் விழிப்புக்கு நடுவில் உள்ள இடைவெளியோ என்று தோன்றும். ஒரு தவணை விழிப்பு என்ற பொருள் வருவதால் ‘விழிப்புப் பொழுது’ என்பதையே நான் எடுத்துக்கொள்கிறேன்.

வயது ஏற ஏற இது நீளும். பிறந்த மாதத்தில் அரை மணி முதல் ஒரு மணி நேரம். மூன்று மாதத்தில் பெரும்பாலும் ஒன்றேகால் மணி முதல் இரண்டு மணி நேரம். ஆறு மாதத்தை ஒட்டி இரண்டிலிருந்து மூன்று மணி. ஒரு வயதில் மூன்று முதல் ஆறு மணி வரைகூடப் போகும். குறைமாதக் குழந்தையானால் பிறந்த நாளிலிருந்து எண்ணாமல், பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து வயதை எண்ண வேண்டும்.

மூன்று மாதக் குழந்தைக்கு இந்த எண், எப்போது கவனிக்கத் தொடங்கலாம் என்று மட்டுமே சொல்லும். தூங்கவைக்கும் நேரத்தைச் சொல்வது குழந்தையின் முகம். உதாரணமாக, 6.30க்கு விழித்த குழந்தை பால் குடித்து, கை காலை உதைத்து, பேசுபவரைப் பார்த்துச் சிரிக்கிறது. 7.35 வாக்கில் கை கால் ஆட்டம் மெதுவாகிறது. முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கண் எங்கோ வெறித்து நிற்கிறது. புருவமும் கண்ணோரமும் லேசாகச் சிவக்கின்றன. சத்தமே இல்லாததால் ‘சமத்தா விளையாடுது’ என்று விட்டுவிடத் தோன்றும், ஆனால் இதுதான் சரியான தருணம். அறையை இருட்டாக்கித் தோளில் போட்டுத் தட்டினால் 7.50க்குள் தூங்கிவிடக்கூடும். அப்போது அந்தப் பொழுது 80 நிமிடம். தூங்கியதும் மல்லாக்கத்தான் படுக்கவைக்க வேண்டும். 35 நிமிடத்தில் எழுந்துவிட்டாலும் பயப்பட வேண்டியதில்லை, இந்த வயதில் அது சாதாரணம். அடுத்த பொழுதை 8.25இலிருந்து புதிதாக எண்ணலாம். ஆனால் குறைவாகத் தூங்கியிருப்பதால் தூக்கக் குறிகள் சற்று முன்னதாகவே வரலாம்.

அந்தத் தருணம் தவறினால் கொட்டாவி, கண் கசக்கல், சிணுங்கல் என்று வரும். அதற்கும் பிறகு முதுகை வில்லாக வளைத்து, முஷ்டியை மடக்கி, வீறிட்டு அழும். அப்போது கண் சொருகினாலும் லேசில் தூங்காது. மாறாக, படுக்கவைத்தும் அரை மணி நேரம் கால் உதைத்துக் குஷியாக இருந்தால் சீக்கிரம் படுக்கவைத்துவிட்டோம் என்று பொருள். அடுத்த முறை 10, 15 நிமிடம் தள்ளிப் பார்க்கலாம்.

ஏமாற்றும் குறிகளும் உண்டு. மூன்று மாதத்தில் கை சூப்புவதைத் தூக்கம் என்றும் சொல்ல முடியாது, பசி என்றும் சொல்ல முடியாது, கையைக் கண்டுபிடித்த வயது அது. கூடவே வாயைத் திறந்து தலையைத் திருப்பித் தேடினால் பசி. முகத்தைத் திருப்பிக்கொள்வது சத்தமும் வெளிச்சமும் அதிகமானதாலும் இருக்கலாம். அமைதியான அறைக்குக் கொண்டுபோனதும் மறுபடி சிரித்தால் அதற்குத் தூக்கம் வரவில்லை.

இந்தக் குறிகளுக்கான ஆங்கிலப் பெயரான ‘டயர்ட் சைன்ஸ்’ என்பதைச் ‘சோர்வு அறிகுறி’ என்று பெயர்ப்பது மட்டும் வேண்டாம். ‘தூக்கக் குறி’ போதும். குழந்தை சோர்ந்து கிடக்கிறது என்றால் நம் வழக்கில் நோய் என்று பொருள். பாலுக்குக்கூட எழுப்ப முடியாமல் துவண்டு கிடந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ கடிகாரத்தைப் பார்க்காமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.