ஸ்கெட்சை மங்கலாக்கிப் பார்த்தால் என்ன மிஞ்சும்?

"கிளையன்ட் ஸ்கெட்சும் கொடுத்துவிட்டார், மாதிரிப் படங்களும் கொடுத்துவிட்டார். படம் உருவாக்கும் AI-க்கு நேரே ப்ராம்ப்ட் எழுத வேண்டியதுதானே, நடுவில் மாதிரிகளை வெட்டி ஒட்டும் மூட்போர்டு எதற்கு?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். படம் உருவாகும் வரிசையிலேயே இதற்கு விடை இருக்கிறது.

இப்படிப் படம் உருவாக்கும் டிஃப்யூஷன் மாடலுக்குப் பயிற்சி தரும்போது, படத்தின் மேல் புள்ளிப் புள்ளியான இரைச்சலைத் தூவி, அதை நீக்கக் கற்பிக்கிறார்கள். தூவத் தூவ எது முதலில் மறைகிறது என்பதுதான் அழகான விஷயம். இழை, கீறல், முடி போன்ற நுணுக்கங்கள் முதலில் போய்விடும். இயல்பான படங்களில் அவற்றின் வலு குறைவு. இரைச்சலோ பெரிதுசிறிது பாராமல் ஒரே வலுவோடு விழுகிறது. பெரிய வெளிச்சத் திட்டும் இருள் திட்டும்தான் கடைசிவரை தாக்குப்பிடிக்கும். புதுப் படம் உருவாகும்போது இதே வரிசை தலைகீழாகிறது. ஆரம்பப் படிகளிலேயே திட்டுகள் முடிவாகிவிடும். பளபளப்பும் இழையும் பிறகுதான் வரும்.

இப்போது கிளையன்டின் பென்சில் ஸ்கெட்சை மங்கலாக்கிப் பாருங்கள். வலப்புறம் பூச்சாடி, இடப்புறம் ஜன்னல், மேலே தலைப்புக்கு வெற்றிடம்: எல்லாம் மெல்லிய கோடு என்பதால் வெறும் வெள்ளைத்தாள்தான் மிஞ்சும். பொருள் எங்கே என்று ஸ்கெட்ச் சொல்கிறது. இருள் எங்கே என்று சொல்லவில்லை. இதையே உள்ளீட்டுப் படமாகக் கொடுத்தால் பெரும்பாலும் வெளிறிய படம்தான் கிடைக்கும்.

அந்தக் குறையை மாதிரிப் படங்களிலிருந்து நிரப்புவதுதான் மூட்போர்டின் முதல் வேலை. மூன்று படங்கள் வந்திருக்கின்றன என்று வையுங்கள்: கருத்த மர மேசை, இடமிருந்து விழும் மென்மையான ஜன்னல் வெளிச்சம், பின்னாலிருந்து வெயிலடிக்கும் ஒரு மாலைக் காட்சி. ஒவ்வொன்றிலும் எது பிடித்தது என்று கிளையன்டைக் கேளுங்கள். மாலைக் காட்சியில் "அந்த ஆரஞ்சு நிறம்தான்" என்றால், அந்த நிறத்தை மட்டும் வெட்டி ஒட்டுங்கள். முழுப் படத்தையும் வைத்தால் அதன் பின்வெளிச்சமும் கூர்மையான நிழலும் கூடவே வந்து ஜன்னல் வெளிச்சத்தோடு மோதும். இருபது படங்களைக் குவித்த போர்டு பயன்படாது என்பது என் உறுதியான கருத்து. ஒரு படத்துக்கு ஒரு வேலை போதும்.

பிறகு ஸ்கெட்சின் மேல் புது லேயரில் மூன்றே சாம்பல் நிறங்களைப் பூசுங்கள். மேசைக்குக் கருமை, சாடிக்கு நடுத்தரம், ஜன்னலுக்கும் தலைப்பு வரும் சுவருக்கும் வெளுப்பு. ப்ராம்ப்டின் சொற்களையும் அதே வரிசையில் அடுக்கலாம்:

```
ceramic vase on dark wooden table, right third of frame,
soft window light from left, plain pale wall above,
muted orange accents
```

நிழல் வேண்டாம் என்பதற்காக "no shadow" என்று எழுதாதீர்கள். பல மாடல்கள் "no" என்பதைத் தவறவிட்டு "shadow" என்பதைப் பிடித்துக்கொள்ளும்.

வந்த படத்தையும் மங்கலாக்கிச் சாம்பல் லேயருக்குப் பக்கத்தில் வையுங்கள். சுவர் இருக்க வேண்டிய இடம் இருண்டிருந்தால், அடைமொழிகளை மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். ஆரம்பப் படிகளிலேயே தவறிவிட்டது. சாம்பல் பூச்சைத் திருத்தி, அதையே உள்ளீடாகக் கொடுத்து மறுபடி ஓட்டுங்கள்.