‘ரீட்பேக்’ என்பது உறுதிப்படுத்தல் அன்று

விமான விபத்துகளைப் பற்றித் தமிழில் எழுதப்படும் செய்திகளிலும் மொழிபெயர்ப்புகளிலும், வானொலியில் கேட்ட உத்தரவை விமானி திருப்பிச் சொல்வதைக் குறிக்கும் ‘ரீட்பேக்’ என்னும் சொல்லுக்கு ‘உறுதிப்படுத்தல்’ என்று எழுதும் பழக்கம் பரவிவருகிறது. “கட்டுப்பாட்டு அறையின் உத்தரவை விமானி உறுதிப்படுத்தினார்” என்பது அவ்வாறு அடிக்கடி கண்ணில் படும் வாக்கியம். படிப்பதற்குத் தடையில்லாமல் இருப்பதால் அதை யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆனால் அந்த வாக்கியம் சொல்வது நடந்ததற்கு நேர்மாறானது. விமானி எதையும் உறுதிப்படுத்தவில்லை. தாம் கேட்டது சரிதானா என்று உறுதிப்படுத்தும்படி எதிர்முனையில் இருப்பவரிடம் ஒப்படைத்திருக்கிறார்.

சொல்லின் பிறப்பை நீட்டி முழக்க வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் அது வாசித்தலையும் திருப்புதலையும் குறிக்கும் இரு சொற்களின் கூட்டு. சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டவர், எழுதியதைச் சொன்னவரிடமே வாசித்துக் காட்டும் அலுவலக வழக்கம் அதில் தெரிகிறது. பன்னாட்டுக் குடிசார் வான்போக்குவரத்து அமைப்பின் வானொலிச் சொற்றொடர் விதிகளில் அதன் பொருள் ஐயத்துக்கு இடமின்றித் தரப்பட்டுள்ளது: என் செய்தி முழுவதையும், அல்லது நான் குறிப்பிடும் பகுதியை, பெற்றது பெற்றபடியே எனக்குத் திருப்பிச் சொல்லுக.

‘மறுவாசிப்பு’ என்று எழுதுவோரும் உண்டு. இலக்கியத் திறனாய்வில் அச்சொல் பழைய நூலொன்றைப் புதிய கோணத்தில் படித்துப் புதுப்பொருள் காண்பதைக் குறித்து நிலைத்துவிட்டது. கட்டுப்பாட்டாளர் சொன்ன உயரத்துக்கு விமானி புதுப்பொருள் காண்பது எவ்வளவு விரும்பத்தக்கது என்பதை வாசகரே முடிவு செய்துகொள்ளலாம். இச்சொல்லோடு இதற்குமேல் மல்லுக்கட்டத் தேவையில்லை.

‘உறுதிப்படுத்தல்’ அப்படி எளிதில் தள்ளக்கூடியதன்று. அது பாதி உண்மையைச் சொல்வதால் கூடுதல் தீங்கு செய்கிறது. வானொலியில் ஓர் உத்தரவு மூன்று கட்டங்களில்தான் நிறைவு பெறுகிறது. கட்டுப்பாட்டாளர் உத்தரவைச் சொல்கிறார். விமானி அதன் எண்களையும் வினையையும் தம் விமானத்தின் அழைப்புப் பெயரோடு சேர்த்துத் திருப்பிச் சொல்கிறார். பிறகு கட்டுப்பாட்டாளர் அதைத் தாம் சொன்னதோடு ஒப்பிட்டுக் கேட்டு, பிழை இருந்தால் அப்போதே மறுத்துத் திருத்துகிறார். உறுதி பிறக்கும் இடம் இந்த மூன்றாவது கட்டமே. இரண்டாவது கட்டத்துக்கே ‘உறுதிப்படுத்தல்’ என்று பெயர் சூட்டிவிட்டால் மூன்றாவதற்குப் பெயரும் இல்லை, இடமும் இல்லை. அது நடக்கவேண்டும் என்பதே தமிழில் மட்டும் படிக்கும் வாசகருக்குத் தெரியாமல் போகிறது.

எல்லாச் செய்திகளையும் இவ்வாறு திருப்பிச் சொல்லவேண்டியதில்லை. காற்றின் வேகத்தைச் சொன்னால் ‘ரோஜர்’ என்று மட்டும் விடையளிக்கலாம். ஆனால் செல்லவேண்டிய வழித்தடம், ஓடுபாதையில் நுழைவதும் அதைக் கடப்பதும் அதற்கு முன்னால் நிற்பதும், இறங்குவதற்கும் மேலெழும்புவதற்குமான அனுமதிகள், உயரம், திசை, வேகம், உயரமானியில் வைக்கவேண்டிய காற்றழுத்த அளவு போன்றவற்றுக்கு அந்த விடை செல்லாது. “ஓடுபாதைக்கு முன் நில்லுங்கள்” என்பதற்கு விமானி ‘ரோஜர்’ என்று மட்டும் சொன்னால், கட்டுப்பாட்டாளர் விடாமல் கேட்டு முழு உத்தரவையும் அவர் வாயிலிருந்தே வரவழைக்க வேண்டும். ‘ரோஜர்’ என்பதன் பொருள் “நீங்கள் கடைசியாகச் சொன்னது முழுவதும் எனக்குக் கிடைத்தது” என்பது மட்டுமே. கிடைத்ததற்கான தந்திக் குறி ஆங்கிலத்தின் ஆர் எழுத்து; அந்த எழுத்துக்குப் பழைய ஒலிப்புப் பட்டியலில் வழங்கிய பெயர் ரோஜர். பட்டியல் மாறி அந்த எழுத்து இன்று ரோமியோ ஆகிவிட்டது, பழைய பெயர் மட்டும் விடையாகத் தங்கிவிட்டது. அதில் ‘சரி’யும் இல்லை, ‘செய்கிறேன்’ என்பதும் இல்லை. செய்வதைச் சொல்ல ‘வில்கோ’ என்று வேறொரு சொல் இருக்கிறது. கிடைத்தது என்னவென்று ‘ரோஜர்’ காட்டாது. இருபத்துநான்கு நூறு கிடைத்தவரும் நானூறு கிடைத்தவரும் அதே ஒரு சொல்லைத்தான் சொல்வார்கள்.

அந்த இரண்டு எண்களும் கற்பனையல்ல. 1989 பிப்ரவரி 19 அன்று ஃபிளையிங் டைகர் நிறுவனத்தின் 747 சரக்கு விமானம், பறப்பு எண் 66, சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூரின் சுபாங் நிலையத்துக்கு வந்துகொண்டிருந்தது. கட்டுப்பாட்டாளர் அதை 2,400 அடிக்கு இறங்கச் சொல்ல விரும்பினார். அவர் சொன்ன வடிவம், “டிசெண்ட் டூ ஃபோர் ஜீரோ ஜீரோ”. ‘டூ’ என்பது இரண்டு என்ற எண். அதே ஒலி, ஓர் அளவுக்கு இறங்குவதைச் சொல்லும் வேற்றுமைப் பொருளிலும் ஆங்கிலத்தில் வரும். விமானிகளின் காதில் அது ‘நானூறுக்கு இறங்கு’ என்று விழுந்தது. விமானத்திலிருந்து “ஓகே, ஃபோர் ஜீரோ ஜீரோ” என்று விடை போனது. கட்டுப்பாட்டாளர் அதைத் திருத்தவில்லை. விமானம் இறங்கிக்கொண்டே போய், நிலையத்துக்கு முன்னால், கடல்மட்டத்திலிருந்து 437 அடி உயரத்தில் ஒரு குன்றின் சரிவில் மோதியது. தரையை நெருங்குவதாக எச்சரிக்கும் கருவி ஒலித்தும் விமானத்தை உரிய நேரத்தில் மேலே தூக்கவில்லை. விமானத்தில் இருந்த நால்வரும் இறந்தனர்.

உத்தரவின் வடிவமே முதற்பிழை. இத்தகைய உயரங்களை ஆயிரமும் நூறுமாகப் பிரித்து, அடி என்ற அலகோடு, “டூ தௌசண்ட் ஃபோர் ஹண்ட்ரட் ஃபீட்” என்று சொல்லியிருந்தால், ‘டூ’வை வேற்றுமையாகக் கேட்க வழியே இல்லை; ‘டூ தௌசண்ட்’ என்பது எண்ணாக மட்டுமே நிற்கும். பிரிட்டனின் வழக்கில் இதே காரணத்துக்காக அந்த வேற்றுமைச் சொல்லுக்கும் எண்ணுக்கும் இடையில் உயரம் என்று பொருள்படும் ‘ஆல்டிடியூட்’ என்னும் சொல்லை வைக்கிறார்கள்.

ஆனால் இந்தப் பிழை நேர்ந்த பிறகும் தப்பிக்க வழி இருந்தது. விமானத்திலிருந்து வந்த விடையில் வினை இல்லை, அலகு இல்லை, ஆயிரத்தைக் குறிக்கும் எண் இல்லை. “நானூறு அடிக்கு இறங்குகிறோம்” என்று அலகோடு முழுமையாகச் சொல்லியிருந்தால், கேட்பவர் காதில் அது உறுத்தியிருக்க வாய்ப்பு அதிகம். குறைத்துச் சொன்ன விடையைக் கேட்பவர், விடுபட்டதைத் தம் எதிர்பார்ப்பால் நிரப்பிக்கொள்வார். தாம் சொன்ன எண்ணையே திரும்பக் கேட்டதாகவே அவருக்குப் படும். விமானியின் நிலையோ இன்னும் இக்கட்டானது. பெரும்பாலான உத்தரவுகளில், திருப்பிச் சொன்னது சரியாக இருந்தால் கட்டுப்பாட்டாளர் அதன்பின் ஒன்றும் சொல்வதில்லை. ஆகவே மௌனமே ஒப்புதலாகிறது. கவனித்துக் கேட்டவரின் மௌனத்துக்கும் கவனிக்காதவரின் மௌனத்துக்கும் வேறுபாடு காண விமானியிடம் கருவி எதுவும் இல்லை. இந்த நிகழ்வைத் தமிழில் எழுதும் ஒருவர் “விமானி உத்தரவை உறுதிப்படுத்தினார், பின்னர் விமானம் குன்றில் மோதியது” என்று எழுதினால், உறுதியான பின் ஏன் மோதியது என்ற கேள்விக்கு விடையே கிடைக்காது.

எனவே வேண்டியது, சொன்னதைத் திரும்பச் சொல்வதை மட்டும் குறிக்கும் சொல். ‘மீள்கூறல்’ போதும். மீள்பார்வை, மீள்பதிவு என்று முன்னொட்டு பழகியதுதான். கூறல் என்பது வாயால் சொல்வதைத் தெளிவாகக் காட்டுகிறது. உறுதி என்ற மிகை இல்லை. நன்னூல் நூலுக்குரிய பத்துக் குற்றங்களில் ‘கூறியது கூறல்’ என்பதையும் வைத்திருப்பதைச் சுட்டி, குற்றத்தின் பெயரை ஒரு நல்ல நடைமுறைக்கு வைக்கலாமா என்று இலக்கணம் அறிந்தோர் கேட்கக்கூடும். அதே பட்டியலில் ‘குன்றக் கூற’லும் ‘மயங்க வைத்த’லும் இருக்கின்றன. வானொலியில் பின்னைய இரண்டுமே ஆளைக் கொல்பவை. அவற்றைத் தவிர்க்க முதலாவது குற்றத்தை விதியாக்கிக்கொண்டார்கள் என்று கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை.

மூன்றாம் கட்டமாகிய ‘ஹியர்பேக்’ என்பதற்கு, ஒப்புநோக்குதல் என்ற சொல்லின் அச்சில் ‘ஒப்புக்கேட்டல்’ என்று ஆக்க முதலில் கை நீளும். ஆனால் ஒப்புக்குச் செய்வது என்றால் கடமை கழிக்கச் செய்வது என்று வழக்கில் பொருள் இருப்பதால், அந்த ஆக்கம் தடுக்கவேண்டிய நோயையே பெயராக ஏந்திவிடும். ‘ஒப்பிட்டுக் கேட்டல்’ என்று நீட்டி எழுதுவதே பாதுகாப்பானது. இச்சொற்களை விமானத்தில் யாரும் பேசப்போவதில்லை. அங்கே ஆங்கிலமே பேசப்படும். இவை நிகழ்வுகளைத் தமிழில் விளக்குவதற்கு உரியவை, அந்த விளக்கத்தில்தான் நம் மொழிபெயர்ப்பாளர்கள் சறுக்குகிறார்கள்.

அந்தச் சறுக்கல் ஒரு சொல்லோடு நிற்பதில்லை. 1977 மார்ச் 27 அன்று டெனரீஃப் தீவில், மூடுபனியில் இரண்டு 747 விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்த நிகழ்வில், கட்டுப்பாட்டாளர் அவற்றில் ஒன்றான, நெதர்லாந்தின் கே.எல்.எம். நிறுவன விமானத்துக்குக் கொடுத்தது, மேலெழும்பிய பின் செல்லவேண்டிய வழித்தட அனுமதி மட்டுமே. அந்த அனுமதியின் வாசகத்துக்குள் ‘டேக் ஆஃப்’ என்ற சொல் இருந்தது. துணை விமானி வழித்தடத்தை மீள்கூறிவிட்டு, “நாங்கள் இப்போது டேக் ஆஃபில்” என்று பொருள்படும் ஒரு தொடரையும் சேர்த்தார். கட்டுப்பாட்டாளர் ‘ஓகே’ என்றார். காத்திருக்கும்படி அவர் தொடர்ந்து சொன்னதும், தாங்கள் இன்னும் ஓடுபாதையில் இருப்பதாக மற்ற விமானம் சொன்னதும் ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் மோதி, கே.எல்.எம். விமானி அறையில் கீச்சொலியாகவே பெரிதும் கேட்டன. இதன் பிறகு, மேலெழும்ப அனுமதி தரும்போதும் அதை விலக்கும்போதும் மட்டுமே ‘டேக் ஆஃப்’ என்ற சொல் வரவேண்டும், மற்ற இடங்களில் ‘டிபார்ச்சர்’ என்றே சொல்லவேண்டும் என்ற வழக்கம் நிலைநிறுத்தப்பட்டது. தமிழில் இரண்டையும் ‘புறப்பாடு’ என்றே எழுதுகிறோம். முன்னதை ‘மேலெழும்புதல்’ என்றும் பின்னதை மட்டும் ‘புறப்பாடு’ என்றும் பிரிக்காதவரை, அந்தத் திருத்தம் எதைத் திருத்தியது என்று தமிழில் சொல்லவே முடியாது.