யாருக்குத் தள்ளுபடி அனுப்புவது? பழைய பில்களிலிருந்து ஒரு கணக்கு

ஒரு வாடிக்கையாளர் கடைசியாக வாங்கி எத்தனை நாளாயிற்று, இதுவரை எத்தனை தடவை வாங்கினார், மொத்தம் எவ்வளவு செலவழித்தார்? வாங்கிய வரலாற்றில் இந்த மூன்றையும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுவதுதான் ஆர்.எஃப்.எம். முறை. எல்லோரையும் வரிசைப்படுத்தி ஐந்து சம பங்காகப் பிரித்தால், மேல் பங்குக்கு 5, கடைசிப் பங்குக்கு 1. நாள் கணக்கில் மட்டும், மிக அண்மையில் வாங்கியவர்கள்தான் மேல் பங்கு. தபாலில் விலைப்பட்டியல் அனுப்பி வியாபாரம் செய்த காலத்திலேயே இது வழக்கத்துக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு தபாலுக்கும் செலவு உண்டு என்பதால், யாருக்கு அனுப்பினால் பலன் என்று முன்கூட்டியே தெரிய வேண்டியிருந்தது.

மதிப்பெண் போடுவதற்கு முன் பில்களைச் சுத்தம் செய்ய வேண்டும். பிரிட்டனைச் சேர்ந்த ஓர் இணையக் கடையின் 2010-11 விற்பனைத் தரவு பொதுவெளியில் கிடைக்கிறது. இந்த முறையைப் பழகுகிற பலரும் அதைத்தான் எடுக்கிறார்கள். அதில் ஒருவர் ஒரே பொருளில் 74,215 எண்ணிக்கை ஆர்டர் செய்கிறார். 16 நிமிடத்தில் அதே ஆர்டர் முழுவதும் ரத்தாகிறது. ரத்தான பில்களின் எண் அந்தத் தரவில் C என்ற எழுத்தில் தொடங்கும். கழித்தல் குறியோடு வரும் அந்த வரிகளை ‘பிழை’ என்று நீக்கிவிட்டால், எதுவுமே வாங்காத இந்த மனிதர் செலவில் முதல் வரிசைக்கு வந்துவிடுவார். ரத்தை விற்பனையோடு சேர்த்துக் கழித்தால்தான் அவர் கணக்கு பூஜ்யமாகும்.

எத்தனை தடவை வாங்கினார் என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. பல கடைகளில் பாதிப் பேருக்கு மேல் ஒரே ஒரு தடவைதான் வாங்கியிருப்பார்கள். அங்கே எல்லோரையும் ஐந்து சம பங்காக வெட்டினால், ஒரு தடவை வாங்கிய ஒருவருக்கு 1, அதேபோல் ஒரு தடவை வாங்கிய இன்னொருவருக்கு 3 என்று விழும். அங்கே சம பங்கை விட்டுவிட்டு, ஒரு தடவை, இரண்டு தடவை, அதற்கு மேல் என்று நாமே எல்லை வகுப்பதுதான் சரி.

இனி மதிப்பெண்ணைப் படிப்பது. மூன்றையும் கூட்டி ஒரே எண்ணாக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அதை நான் ஏற்கமாட்டேன். நாள், தடவை, செலவு என்ற வரிசையில் 5-1-1 என்பவர் நேற்று முதல்முறையாகச் சின்னதாக ஏதோ வாங்கியவர். 1-1-5 என்பவர் எப்போதோ ஒரே தடவை பெரிய தொகைக்கு வாங்கிவிட்டு மறைந்தவர். இருவருக்கும் கூட்டல் 7தான், ஆனால் சொல்ல வேண்டிய செய்தி வேறு.

நாள் கணக்கையும் தனியாகப் பார்க்கக் கூடாது. இரண்டு பேர் வாங்கி 60 நாள் ஆகிறது. எனவே இருவருக்கும் ஒரே மதிப்பெண். ஒருவர் பத்து நாளுக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்தவர், மற்றவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருபவர். முன்னவர் அநேகமாக வேறு இடம் போய்விட்டார். பின்னவருக்கு இன்னும் வாங்கும் நாளே வரவில்லை. கடைசியாக வாங்கி ஆன நாட்களை அவரவருடைய வழக்கமான இடைவெளியால் வகுத்துப் பாருங்கள்: முதலாமவருக்கு 6, இரண்டாமவருக்கு 0.67. நழுவிப் போகிறவர் யார் என்பது அப்போது தெரிந்துவிடும்.

சரி, தள்ளுபடியை யாருக்கு அனுப்புவது? 5-5-5 எடுத்தவர்களுக்குத்தான் என்று தோன்றும், அவர்கள்தான் அதிகம் வாங்குவார்கள். ஆனால் தள்ளுபடி இல்லாமலும் வாங்கியிருப்பார்களே! அதைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு பிரிவிலும் குலுக்கல் முறையில் ஒரு பகுதிக்கு எதுவும் அனுப்பாமல் விட வேண்டும். ஓர் உதாரணக் கணக்கு: ஒரு கொள்முதலில் லாபம் 30, தள்ளுபடி 10 என்று வைத்துக்கொள்வோம். முதல் வரிசையில் 1000 பேருக்கு அனுப்பியதில் 120 பேர் வாங்கினார்கள். அனுப்பாத 1000 பேரில் 90 பேர். அனுப்பியதால் லாபம் 120 × 20 = 2400. அனுப்பாமலிருந்தால் 90 × 30 = 2700. கூடுதலாக 30 பேர் வாங்கியும் 300 நஷ்டம்.

அப்புறம், முன்பு அடிக்கடி வந்து இப்போது நின்றுபோன 1-5-4 போன்றவர்களைப் பாருங்கள். அனுப்பிய 1000 பேரில் 40 பேர்தான் வாங்கினார்கள், அனுப்பாத 1000 பேரில் 10 பேர். 800க்கு எதிராக 300. வாங்கியவர்கள் மூன்றில் ஒரு பங்குதான், ஆனால் 500 லாபம். முதல் வரிசைக்காரர்களுக்கு விலைக்குறைப்புக்குப் பதிலாகப் புதுச் சரக்கை முதலில் காட்டுவது போன்ற, லாபத்தைக் கடிக்காத சலுகையை வைத்துக்கொண்டு, தள்ளுபடிப் பணத்தை இந்தப் பக்கம் திருப்பலாம்.